ஃபிளாஞ்சை நிறுத்தச் சொன்ன கணக்கு

கோவையில் கணபதிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கும் வால்வு கம்பெனிகளுக்கும் வார்ப்புகளைக் கடைந்து, துளை போட்டு, முடித்த பாகங்களாக அனுப்புகிறார்கள். உள்ளே ஒரு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி., மூலையில் பழைய ரேடியல் டிரில் ஒன்று. வி.எம்.சி. என்பது மேலிருந்து செங்குத்தாக இறங்கும் கட்டர், துளையிடுவது, முகம் சீவுவது, மறை வெட்டுவது எல்லாவற்றையும் தானே டூலை மாற்றிக்கொண்டு செய்கிற எந்திரம். பட்டறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. கடனும் அதன் மேல்தான் இருக்கிறது.

அடக்கவிலைக் கணக்கு பார்ப்பது என் தொழில். அந்த உரிமையாளர் என்னைக் கூப்பிட்டது வேறு ஏதோ வங்கிக் காகிதத்துக்கு. போன இடத்தில் அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த ஃபிளாஞ்சை நிறுத்திடலாம்னு இருக்கேனுங்க சார். பீஸுக்கு 39 ரூபாய் கைநஷ்டம்னு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்குப் போட்டுக் குடுத்துட்டாங்க. ஹவுசிங்ல 321 நிக்குது. வி.எம்.சி. டைமே பத்தலை. அப்புறம் எதுக்குங்க இதைத் தூக்கிச் சுமக்கோணும்?"

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. எந்திர நேரம் போதவில்லை, ஒரு பொருள் நஷ்டம் தருகிறது, அதை நிறுத்தி லாபமான பொருளுக்கு நேரத்தைக் கொடு. யாரும் இப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் அவர் அப்படிச் செய்திருந்தால் மாதம் ஐம்பதாயிரத்துக்கு மேல் விட்டிருப்பார். அது எப்படி என்பதை அந்த நோட்டிலிருந்தே சொல்கிறேன். எண்களை மட்டும் கொஞ்சம் மாற்றி, முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

அந்த மாதம் கையில் இருந்த ஆர்டர் மூன்று. பம்ப் ஹவுசிங் 300, விலை 1,150 ரூபாய். வால்வு பாடி 500, விலை 780. ஃபிளாஞ்ச் 900, விலை 290. மொத்தம் 1,700 பீஸ்.

முதலில் அந்த 39 ரூபாய் நஷ்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். பட்டறைக்கு மாதம் 2,70,000 ரூபாய் நிலைச்செலவு. வாடகை, எந்திரக் கடன் வட்டி, தேய்மானம், ஆபரேட்டர்கள் சம்பளம், மின்வாரியத்தின் நிலைக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். இந்தத் தொகையை 1,700 பீஸுக்கும் சமமாகப் பங்கு போட்டிருந்தார்கள்: பீஸுக்கு 159 ரூபாய். ஃபிளாஞ்சில் வார்ப்பு, டூல், கரண்ட், வண்டி வாடகை போக நிற்பது 120 ரூபாய்தான். அதிலிருந்து 159-ஐக் கழித்தால் 39 நஷ்டம். ஹவுசிங்கில் 480 நிற்கிறது. அங்கே 159 கழித்தால் 321 லாபம்.

கையகல ஃபிளாஞ்சும் ஒரு ஆள் இரண்டு கையால் தூக்குகிற ஹவுசிங்கும் வாடகையில் ஒரே பங்கைச் சுமக்கின்றன. இந்தப் பங்கீடு தவறு என்று சொல்லிவிட்டு, எடைப்படியோ விலைப்படியோ பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. ஃபிளாஞ்சை நிறுத்தினால் வாடகை குறையுமா? ஆபரேட்டர் சம்பளம் குறையுமா? வங்கி வட்டியைத் தள்ளுபடி செய்யுமா? எதுவும் குறையாது. எந்தப் பொருளைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த 2,70,000 போய்த்தான் தீரும். ஆகையால் எதைச் செய்வது என்று முடிவெடுக்கும்போது அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். பொருளைச் செய்தால் மட்டும் ஆகிற செலவை விலையிலிருந்து கழித்து மிஞ்சுவதைத்தான் பார்க்க வேண்டும். காமர்ஸ் பாடப்புத்தகத்தில் இதற்குப் பங்களிப்பு என்று பெயர். நிலைச்செலவைக் கட்டுவதற்கும், கட்டியபின் லாபமாக நிற்பதற்கும் அந்தப் பீஸ் கொடுக்கிற பங்கு.

ஹவுசிங்கை எடுத்துக்கொண்டால் வார்ப்பு 540, டூல் 62, கரண்ட் 48, வண்டி 20, ஆக 670. விலை 1,150-இல் அது போக 480. இதே முறையில் வால்வு பாடிக்கு 300, ஃபிளாஞ்சுக்கு 120. ஆபரேட்டர் கூலியை ஏன் சேர்க்கவில்லை என்று உரிமையாளர் கேட்டார். மாதச் சம்பளம் என்பதால் சேர்க்கவில்லை. பீஸ் கணக்கில் கூலி கொடுக்கிற பட்டறையாக இருந்தால் சேர்த்தாக வேண்டும்.

"அப்பவும் ஹவுசிங்தானுங்களே மேல இருக்குது? 480 எங்கே, 120 எங்கே?"

இருக்கிறது. பட்டறைக்கு எல்லையில்லாத நேரம் இருந்தால் மூன்றையும் செய்துவிட வேண்டியதுதான், கேள்வியே எழாது. நேரம் போதாதபோது பீஸுக்கு எவ்வளவு என்று கேட்டால் விடை தப்பாகத்தான் வரும். பற்றாக்குறையாக இருப்பது எதுவோ, அதில் ஒரு அளவுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். தண்ணீர் குறைந்த வருஷத்தில் விவசாயி ஏக்கருக்கு எவ்வளவு என்று பார்க்க மாட்டார், ஒரு மடை தண்ணீருக்கு எந்தப் பயிர் எவ்வளவு கொடுக்கும் என்றுதான் பார்ப்பார். பட்டறைக்காரர்களே ஒரு காலத்தில் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2012-இல் கோவையில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, கரண்ட் இருக்கிற நேரத்தில் எந்த ஜாபை ஏற்றுவது என்பதைப் பேப்பர் பென்சில் இல்லாமலே பலர் சரியாக முடிவு செய்தார்கள். கரண்ட் வந்ததும் மறந்துவிட்டார்கள்.

இங்கே பற்றாக்குறை வி.எம்.சி. நேரம்தானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டியிருந்தது. எந்திரத்துக்கு முன்னால் வார்ப்புகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. அது ஒரு அடையாளம். ஆனால் குவியலை மட்டும் நம்பக் கூடாது. போன வாரம் எந்திரம் இரண்டு நாள் ரிப்பேரில் நின்றிருந்தாலும் குவியும். வார்ப்புக்காரர் ஒரே நாளில் மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் போனாலும் குவியும். ஒவ்வொரு எந்திரத்துக்கும் தேவை எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று மணியில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

தேவையை எழுத ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்று தெரிய வேண்டும். ஹவுசிங்குக்கு 28 நிமிடம் என்றார் உரிமையாளர். அது கொட்டேஷன் கொடுக்கும்போது புரோகிராமைப் பார்த்துச் சொன்ன நேரம். எந்திரத் திரையில் `CYCLE TIME` என்ற இடத்தில் ஏறக்குறைய அதுதான் ஓடியது. ஆனால் கதவைத் திறந்ததிலிருந்து அடுத்த பீஸுக்குக் கதவைத் திறக்கிற வரைக்கும் ஆபரேட்டர் தன் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தபோது 38 நிமிடம் வந்தது. பீஸைக் கிரேனில் இறக்குவது, ஃபிக்ஸ்சரில் ஒட்டியிருக்கிற சுருளை ஏர் கன் வைத்து ஊதித் தள்ளுவது, புதுப் பீஸை உட்கார வைத்து நான்கு கிளாம்பை முறுக்குவது, நடுவில் ஒருமுறை நிறுத்தி போர் கேஜ் போட்டுப் பார்ப்பது. இது எதுவும் கொட்டேஷனில் இல்லை. செட்டிங் நேரத்தின் பங்காக 2 நிமிடம் சேர்த்து 40 என்று வைத்துக்கொண்டோம்.

வால்வு பாடிக்கு இப்படி 15 நிமிடம். ஃபிளாஞ்சுக்கு ஏற்றி இறக்கி 4 நிமிடம். ஆனால் மாதத்தில் ஐந்து முறை செட்டிங் மாற்றுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம். 15 மணி என்பது 900 நிமிடம். 900 பீஸுக்குப் பிரித்தால் பீஸுக்கு ஒரு நிமிடம். ஆகவே 5.

மூன்று ஆர்டரையும் முழுதாகச் செய்ய வி.எம்.சி.யில் வேண்டிய நேரம்: ஹவுசிங்குக்கு 200 மணி, வால்வு பாடிக்கு 125, ஃபிளாஞ்சுக்கு 75. ஆக 400 மணி. உரிமையாளர் முகத்தில் குழப்பம். இரண்டு ஷிப்ட், ஷிப்டுக்கு 8 மணி, 25 நாள். அதுவும் 400 மணிதான். "அப்ப சரியாத்தானுங்க இருக்குது. ஏன் மாசாமாசம் பாக்கி விழுது?"

ஏனென்றால் அந்த 400 மணி சுவர்க் கடிகாரத்தின் கணக்கு. லாக் புத்தகத்தையும் திரையில் இருந்த `RUN TIME`-ஐயும் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தைக் கூட்டினோம். எந்திரம் தானாக வெட்டின நேரத்தை மட்டும்தான் அந்தக் கணக்கு காட்டும். ஏற்றி இறக்கியதும் செட்டிங்கும் புத்தகத்தில் இருந்து சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்த்தும் மாதம் 320 மணியைத் தாண்டவில்லை. மீதி 80 மணி எங்கே? கரண்ட் போனது, இன்செர்ட் உடைந்தது, முதல் பீஸை அளந்து ஓகே சொல்ல ஆள் வரும்வரை நின்றது, ஆபரேட்டர் லீவு, கூலண்ட் மாற்றியது. பெரிய விபத்து எதுவும் இல்லை. சில்லறையாகவே 80 மணி போயிருக்கிறது.

லேத்தில் இதே கணக்கைப் போட்டால் தேவை 320 மணி, இருப்பு 350. அங்கே நெருக்கடி இல்லை. ஆர்டரும் இருக்கிறது, வார்ப்பும் கிடைக்கிறது. கட்டிப்போடுவது வி.எம்.சி.யின் 320 மணிதான். கட்டுப்படுத்தும் காரணி என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

இனி வகுத்தல் மட்டும்தான். ஹவுசிங்கின் 480-ஐ 40 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 12 ரூபாய். வால்வு பாடியின் 300-ஐ 15-ஆல் வகுத்தால் 20 ரூபாய். ஃபிளாஞ்சின் 120-ஐ 5-ஆல் வகுத்தால் 24 ரூபாய். வரிசை அப்படியே தலைகீழாக நின்றது. நஷ்டம் என்று நிறுத்தப்போன ஃபிளாஞ்ச்தான் அந்த எந்திரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஹவுசிங்கைப் போல இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தது.

அவர் திட்டப்படி போனால் ஹவுசிங் 300-ம் முதலில். அதற்கு 200 மணி. மீதி 120 மணியில் வால்வு பாடி 480. ஃபிளாஞ்ச் கிடையாது. பங்களிப்பு 1,44,000-ம் இன்னொரு 1,44,000-ம் சேர்ந்து 2,88,000. நிலைச்செலவு 2,70,000 போக மாதம் 18,000 ரூபாய்.

புது வரிசைப்படி ஃபிளாஞ்ச் 900-ம் முதலில். 75 மணியில் 1,08,000. அடுத்து வால்வு பாடி 500-ம். 125 மணியில் 1,50,000. மீதி 120 மணியில் ஹவுசிங் 180, அதில் 86,400. மொத்தம் 3,44,400. நிலைச்செலவு போக 74,400.

அதே எந்திரம், அதே ஆட்கள், அதே 320 மணி. வித்தியாசம் 56,400 ரூபாய். உரிமையாளர் கால்குலேட்டரை வாங்கி இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு டீ சொன்னார்.

அப்படியானால் ஃபிளாஞ்சை மட்டுமே செய்துகொண்டிருக்கலாமே என்று தோன்றும். வாங்க ஆள் இருந்தால் செய்யலாம். ஆர்டர் 900-க்குத்தான் இருக்கிறது. முதலிடத்தில் உள்ளதை ஆர்டர் தீரும் வரை செய்வது, பிறகு அடுத்தது, நேரம் தீரும்போது கையில் இருப்பது எதுவோ அதோடு நிறுத்துவது. முறை இவ்வளவுதான். 28 நிமிடம் என்ற கொட்டேஷன் நேரத்தை நம்பியிருந்தாலும் வரிசை மாறியிருக்காது. ஆனால் மீதி 120 மணியில் 257 ஹவுசிங் வரும் என்று பம்ப் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருப்பார், 180-தான் வந்திருக்கும். நிமிடக் கணக்கு தப்பினால் முதலில் கெடுவது வாக்குத்தான்.

இந்த முறை வழக்கமாகச் சறுக்குகிற இடம் செட்டிங். ஃபிளாஞ்ச் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் போன் செய்து, "அண்ணா, 180-ஆ ஒரேயடியா வேண்டாம், வாரத்துக்கு நாலஞ்சு தடவை ஐம்பது ஐம்பதா அனுப்பிருங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் சரி என்பார், ஏனென்றால் விலையில் மாற்றம் இல்லை. ஆனால் ஐம்பது ஐம்பதாக 900 என்றால் மாதத்துக்கு 18 செட்டிங். 54 மணி செட்டிங்குக்கே போகும். பீஸுக்கு ஒரு நிமிடமாக இருந்த செட்டிங் 3.6 நிமிடமாகி, மொத்தம் 5 நிமிடமாக இருந்தது 7.6 ஆகிவிடும். நிமிடத்துக்கு 24 ரூபாய் கொடுத்த ஃபிளாஞ்ச் 16 ரூபாய்க்கு இறங்கி, வால்வு பாடிக்குக் கீழே போய்விடும். இன்வாய்ஸில் எந்த எண்ணும் மாறியிருக்காது. இதை லாக் புத்தகம் மட்டும்தான் காட்டும். இப்படிக் கேட்கிறவரிடம் ஒரேயடியாகச் செய்து நம் ரேக்கில் வைத்துக்கொண்டு ஐம்பது ஐம்பதாக வண்டி ஏற்றுவது ஒரு வழி. துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி வைக்க வேண்டும், பணமும் கொஞ்சம் முடங்கும். எந்திரத்தின் 39 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை.

இரண்டாவது விஷயம் கணக்கைவிடக் கஷ்டமானது. பம்ப் கம்பெனி 300 கேட்டது, 180 அனுப்பினால் சும்மா இருக்குமா? உரிமையாளருக்கு அவர்கள் பதினைந்து வருஷப் பழக்கம். பட்டறை தொடங்கியபோது முதல் ஆர்டர் கொடுத்தவர்கள். 240-க்குக் கீழே போனால் இன்னொரு சப்ளையரைப் பழக்கிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். பயம் நியாயமானது. இதை ஒரு மாத பங்களிப்பு மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்த முடிவின் விலையைச் சொல்ல முடியும். 240 ஹவுசிங் என்றால் 160 மணி. ஃபிளாஞ்சுக்கு 75 கொடுத்தால் வால்வு பாடிக்கு 85 மணிதான் மிஞ்சும், 340 பீஸ். பங்களிப்பு 3,25,200. முழுச் சுதந்திரத்தோடு போட்ட கணக்கைவிட 19,200 குறைவு. அந்த உறவைக் காப்பாற்ற மாதம் 19,200 ரூபாய் கொடுக்கிறோம். "குடுக்கலாமுங்க" என்றார் அவர், யோசிக்காமலே. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அப்போது 160 வால்வு பாடி குறைகிறதே, அந்தக் கம்பெனிக்காரர் என்ன சொல்வார் என்று கேட்டேன். அவர் அதை யோசித்திருக்கவில்லை.

இந்தச் சிக்கலிலிருந்துதான் அடுத்த கேள்வி வந்தது: இன்னும் கொஞ்சம் எந்திர நேரத்தை விலைக்கு வாங்க முடியாதா? வாங்கலாம், எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதையும் அதே வரிசை சொல்லிவிடுகிறது. நல்ல திட்டத்தில் கடைசியாக நேரம் கிடைத்துச் செய்யப்படுவது ஹவுசிங். ஆகவே இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதில் ஓடுவதும் ஹவுசிங்தான். நிமிடத்துக்கு 12 ரூபாய் என்றால் மணிக்கு 720. கூடுதலாகக் கிடைக்கும் ஒரு வி.எம்.சி. மணியின் மதிப்பு இந்தப் பட்டறைக்கு அதுதான். ஃபிளாஞ்சின் 1,440-ஐ அதன் மதிப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அது தப்பு. ஃபிளாஞ்சுக்கு வேண்டிய நேரம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷிப்ட் ஓட்டினால் 8 மணியில் 12 ஹவுசிங், பங்களிப்பு 5,760. ஆபரேட்டருக்கும் உதவியாளுக்கும் இரட்டைக் கூலி கொடுத்து, சாப்பாடும் போட்டு 2,400 ஆனாலும் மிச்சம்தான். வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தால்? டூலும் கரண்டும் அவர்களுடையது, மணிக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள், கொண்டுபோய்க் கொண்டுவரப் பீஸுக்கு 40 ஆகிறது என்று வையுங்கள். 40 நிமிடத்துக்குக் கூலி 333. விலையிலிருந்து வார்ப்பு, வண்டி, கூலி, கூடுதல் வண்டி எல்லாம் போக 217 நிற்கும். உள்ளே செய்தால் நிற்கும் 480-ஐவிடக் குறைவுதான். ஆனால் உள்ளே இடமில்லாத 120 ஹவுசிங்குக்கு அது வெறுமனே விட்டுவிட்ட காசு, 26,040 ரூபாய். பம்ப் கம்பெனியின் பழக்கமும் கெடாது. ஒரே நிபந்தனை, வெளியே போன பீஸின் போர் அளவு சரியாக வர வேண்டும். பத்துப் பீஸ் ரிஜெக்ட் ஆனால் வார்ப்புக் காசும் சேர்ந்து போகும்.

அதே 720 இன்னொரு வேலையும் செய்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஒரு கியர்பாக்ஸ் கவர் வரைபடத்தோடு வந்தார். பங்களிப்பு பீஸுக்கு 600 வரும், ஹவுசிங்கைவிட அதிகம். உரிமையாளர் கண்ணில் ஆசை தெரிந்தது. வி.எம்.சி.யில் ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. மணிக்கு 600 கொடுக்கிற வேலையை ஏற்றினால் மணிக்கு 720 கொடுக்கிறது இறங்கும். பீஸுக்கு 120 ரூபாயாவது கூட்டினால் செய்யலாம் என்று சொல்லி அனுப்பினார்.

இவ்வளவும் ஒரே ஒரு எந்திரம் கட்டிப்போடுகிறவரை சரி. இரண்டு எந்திரம் ஒரே நேரத்தில் போதாமல் போனால் இந்த வகுத்தல் கைவிட்டுவிடும், ஏனென்றால் வி.எம்.சி. நிமிடத்துக்கு ஒரு வரிசையும் லேத் நிமிடத்துக்கு இன்னொரு வரிசையும் வரும். எதைக் கேட்பது? ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் 1938-இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிலைச் சேர்ந்தவர்கள் லியோனித் கந்தரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியரைத் தேடிப் போனார்கள். மரத்தைச் சீவுகிற எந்திரங்கள் பல, மர வகைகள் பல. ஒவ்வோர் எந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் சீவும். எதில் எதை ஏற்றினால் மொத்தம் அதிகம் வரும்? அவர் கண்டுபிடித்த முறையை 1939-இல் ஒரு சிறு புத்தகமாகப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பற்றாக்குறையான ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்விலை வைத்து, அந்த விலையில் எது கட்டுப்படியாகிறதோ அதை மட்டும் செய்வது அதன் சாரம். நம் பட்டறையின் 720 அப்படிப்பட்ட ஓர் உள்விலைதான். இதே வகைக் கணக்குகளுக்கு அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்தார். கந்தரோவிச்சுக்கு 1975-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு எக்செல்லில் இருக்கிற சால்வர் அந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடும். நிமிடங்களைத் தப்பாகக் கொடுத்தால் தப்பான விடையையும் அதே நொடியில் கொடுக்கும்.

ஒரு வருஷம் கழித்து அந்தப் பட்டறைக்குப் போனேன். இரண்டாவது வி.எம்.சி. வந்திருந்தது, பழையதுதான், நல்ல நிலையில் வாங்கியிருந்தார். பம்ப் கம்பெனி ஹவுசிங்கை 450 ஆக்கியிருந்தது. வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே நிமிடத்துக்கு இவ்வளவு என்று மார்க்கரால் எழுதியிருந்தார்: ஃபிளாஞ்ச் 24, வால்வு 20, ஹவுசிங் 12. என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சிரித்தார். ஷெட்டில் முதல் வேலையாக ஃபிளாஞ்ச் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வி.எம்.சி.யின் முன்னாலும் தரை காலியாக இருந்தது. வார்ப்பெல்லாம் லேத்தைச் சுற்றிக் குவிந்து கிடந்தது. லேத்தில் ஹவுசிங்குக்கு 18 நிமிடம், வால்வு பாடிக்கு 15, ஃபிளாஞ்சுக்கு 7. கூட்டினால் 365 மணி வேண்டும், இருப்பது அதே 350. வி.எம்.சி.க்கு 500 மணி வேண்டும், இருப்பது 640. நிமிடத்துக்கு எவ்வளவு என்பதை லேத்தை வைத்துப் போட்டால் ஹவுசிங் 26 ரூபாய் 67 பைசா, வால்வு பாடி 20, ஃபிளாஞ்ச் 17 ரூபாய் 14 பைசா.

அவரிடம் டஸ்டர் இருக்கிறதா என்று கேட்டேன்.